மெல்லிய திரைச்சீலைப் படத்தில் பிரிண்டை மாற்றுவது எப்படி: மடிப்போடும் வெளிச்சத்தோடும் பொருந்தும்படி

ஏற்காட்டில் தங்கும் விடுதி வைத்திருப்பவர்களும் சேலத்தில் ஸ்கிரீன் துணி, சேலை விற்பவர்களும் போட்டோ எடிட்டிங் செய்பவரிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "வெள்ளைத் துணி மாட்டி ஒரு படம் எடுத்துட்டோம். இதுலயே அஞ்சு டிசைன் போட்டுக் காட்டுங்க, பாத்துட்டு ஆர்டர் பண்றோம்." கேட்க எளிது. டிசைன் ஃபைலைப் படத்தின் மேல் வைத்து Multiply போட்டால், துணியில் அச்சடித்ததுபோல் இராது. கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டி, அதற்குப் பின்னால் துணி தொங்குவதுபோல் இருக்கும்.

இதற்கான வழியை நான் தேடியபோது கிடைத்த பாடங்கள் எல்லாமே கெட்டித் துணிக்கானவை. பின்னால் வெளிச்சம் இருந்து ஊடு தெரிகிற துணிக்கு அவை சரிவரவில்லை. அதனால் இங்கே ஒரே வேலையை முழுதாக எடுத்துக்கொள்கிறேன்: ஜன்னலில் தொங்கும் மெல்லிய வெள்ளைத் திரைச்சீலை, அதில் புதுப் பிரிண்ட். சேலைக்கு எது மாறும் என்பது கடைசிக்கு முந்தைய படியில் இருக்கிறது.

1. கேமராவைத் தொடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் டிசைன் ஃபைல். அதோடு, அந்த டிசைன் துணியில் எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்பது எழுத்தில் வேண்டும். இதை ரிப்பீட் என்பார்கள். ரிப்பீட் அளவு இல்லாமல் வரும் ஃபைல்தான் இந்த வேலையின் முதல் பொறி. திரையில் பார்க்க ரோஜா அழகாக இருக்கும். அது உள்ளங்கை அளவா, தட்டு அளவா என்று யாருக்கும் தெரியாது. நீங்களே ஓர் அளவை ஊகித்துப் போட்டு, வாடிக்கையாளர் அதைப் பார்த்து ஆர்டர் கொடுத்து, துணி வேறு அளவில் வந்தால் பழி உங்கள் மேல்தான்.

இரண்டாவது, தைக்கும் கணக்கு. கம்பியின் நீளம் எவ்வளவு, அதில் தொங்கும் துணியின் முழு அகலம் எவ்வளவு என்று தையல்காரரிடம் கேளுங்கள். பொதுவாகக் கம்பி நீளத்தைப் போல இரண்டு மடங்கு, சில இடங்களில் இரண்டரை மடங்கு துணி வைப்பார்கள். நம் உதாரணத்தில் கம்பி 48 அங்குலம், துணி 96 அங்குலம், உயரம் 84 அங்குலம். 48 அங்குல அகலத் துணி இரண்டை இணைத்துத் தைப்பதாக இருந்தால், நடுவில் ஒரு மூட்டு வரும். அங்கே டிசைன் பொருந்துமா, வெட்டுப்படுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். படத்தில் பொருந்தி, தைத்ததில் பொருந்தாமல் போனால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாவது, அச்சடித்த மாதிரித் துணி. அதே துணி ரகத்தில், அதே மையில், அரை மீட்டர் போதும். கடைக்காரர் "ஃபைல் இருக்கே, துணி எதுக்கு?" என்பார். வாங்காமல் விடாதீர்கள். ஏன் என்பது நாலாம் படியில் தெரியும்.

நான்காவது, டிசைனைப் பயன்படுத்த எழுத்து மூலமான அனுமதி. வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் சேமித்து வையுங்கள். படம் இணைய விற்பனைக்குப் போகிறது என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்திருக்க வேண்டும். விளம்பரத்தில் காட்டியபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லவும் முடியாது. பிரிண்ட் அளவைச் சரியாகப் போடுவது அழகுக்காக மட்டும் இல்லை.

2. படம் எடுப்பது: மூன்று ஷாட், ஒரே இடத்திலிருந்து

வேலையில் பாதி இங்கேதான் முடிகிறது. டிரைபாட் கட்டாயம். கேமரா திரைச்சீலையின் நடு உயரத்தில், நேர் எதிரே இருக்கட்டும். போன் கேமராவே போதும். ஆனால் ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ, ஷட்டர், வொயிட் பேலன்ஸ், ஃபோகஸ் எல்லாவற்றையும் பூட்டிவிடுங்கள். எச்டிஆரை அணைத்துவிடுங்கள். அது இருண்ட இடத்தைத் தானாக வெளுக்கச் செய்யும். நமக்கு அந்த இருட்டுதான் கணக்கு.

முதல் ஷாட், திரைச்சீலை தொங்க, பின்னால் உண்மையான காட்சி. காபித் தோட்டம், சில்வர் ஓக் மரம், எதுவானாலும் சரி. கடைசியில் வாடிக்கையாளர் பார்க்கப்போகும் படம் இதுதான்.

இரண்டாவது ஷாட்டுக்கு, ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். திரைச்சீலையைத் தொடக்கூடாது. ஒரு மடிப்பு நகர்ந்தாலும் முதல் ஷாட்டோடு பொருந்தாது. அதனால் விரிப்பை வெளிப்பக்கமிருந்து கட்ட ஒரு ஆள் வேண்டும். மின்விசிறி அணைந்திருக்க வேண்டும், அறைக் கதவு மூடியிருக்க வேண்டும்.

மூன்றாவது ஷாட்டுக்கு, திரைச்சீலையை முழுதாக ஒதுக்கிவிட்டு விரிப்பை மட்டும் எடுங்கள்.

மூன்று ஷாட்டிலும் அறைக்குள் விளக்கு எரியக்கூடாது. டியூப் லைட் வெளிச்சம் திரைச்சீலையின் முன்பக்கத்தில் பட்டுத் திரும்பினால், அதையும் துணியின் வழியே வந்த வெளிச்சமாகக் கணக்கு எடுத்துக்கொள்ளும். துணி உண்மையைவிட மெல்லியதாகத் தோன்றும்.

ஏற்காட்டில் எடுப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: மூடுபனி. பனி நிலையாக மூடியிருந்தால் நல்லதுதான், வெளிச்சம் எங்கும் ஒரே சீராக இருக்கும். ஆனால் அது நகரும்போது இரண்டாவது ஷாட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வெளிச்சம் கூடிக் குறைந்துவிடும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து எடுங்கள். எடுத்த உடனே இரண்டிலும் திரைச்சீலைக்கு வெளியே தெரியும் விரிப்பின் ஓரம் ஒரே வெளிச்சத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் இரண்டையும் மறுபடி எடுங்கள். எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்று கீழே இறங்கிவிட்டால், 20 கொண்டை ஊசி வளைவையும் திரும்ப ஏற வேண்டியிருக்கும்.

விரிப்பு மட்டும் இருக்கும் படத்தில் வெள்ளை 255ஐத் தொடக்கூடாது. 235 அளவில் நிற்கும்படி எக்ஸ்போஷர் வையுங்கள். 255ஐத் தொட்டால் அதற்கு மேல் எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்ற கணக்கு போய்விடும்.

3. மடிப்பில் எவ்வளவு துணி ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பது

48 அங்குல இடத்தில் 96 அங்குலத் துணி தொங்குகிறது. மீதி 48 அங்குலம் எங்கே போனது? மடிப்பின் பக்கச் சரிவுகளில். மடிப்பின் முன்மேடும் பின்பள்ளமும் நம்மை நேராகப் பார்க்கின்றன. அங்கே படத்தில் ஓர் அங்குலம் என்றால் துணியும் ஓர் அங்குலம்தான். இரண்டுக்கும் நடுவிலுள்ள சரிவில் துணி நம்மை விட்டுத் திரும்பி ஓடுகிறது. அங்கே படத்தின் ஓர் அங்குலத்தில் மூன்று அங்குலத் துணிகூட அடங்கியிருக்கும். ஆகவே இரண்டு அங்குல ரோஜா மேட்டில் இரண்டு அங்குலமாகவும், சரிவில் முக்கால் அங்குலத்துக்கும் குறைவாகவும் தெரிய வேண்டும். போலிப் படத்தை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்: எல்லா ரோஜாவும் ஒரே வட்டமாக இருந்தால் அது துணியில் இல்லை.

இப்போது வெளிச்சத்தைப் பாருங்கள். ஒரு அடுக்குத் துணி 60 சதவீத வெளிச்சத்தை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அடுக்கு 36 சதவீதம், மூன்று அடுக்கு ஏறத்தாழ 22 சதவீதம் விடும். ஒவ்வொரு அடுக்கும் வந்த வெளிச்சத்தை மறுபடி 0.6ஆல் பெருக்குகிறது. சரிவான துணியும் அப்படித்தான்: பார்வை அதைச் சாய்வாகத் துளைப்பதால், ஒரே துணி பல அடுக்கு மாதிரி நடந்துகொள்கிறது. ஆக, பின்னொளியில் ஒரு மெல்லிய திரைச்சீலை எங்கே இருண்டிருக்கிறதோ அங்கே துணி அதிகம். எவ்வளவு இருட்டோ அவ்வளவு துணி. இந்த ஒரு உறவுதான் முழு வேலையையும் தூக்கி நிறுத்துகிறது.

பாடங்களில் எல்லோரும் சொல்லும் Displace ஃபில்டர் (கிம்ப்பில் `Filters > Map > Displace`) இங்கே ஏன் உதவாது என்பதும் இதிலிருந்தே தெரியும். அது இருண்ட இடத்தில் பிரிண்டை ஒரு பக்கம் தள்ளும், வெளுத்த இடத்தில் மறுபக்கம் தள்ளும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த கெட்டிப் பருத்தித் துணிக்கு அது ஓரளவு ஒத்துவரும். நமக்குத் தேவை தள்ளுவது இல்லை, இருண்ட இடத்தில் நெருக்குவது. Displace எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் கோடுகள் ஜெல்லி மாதிரி நெளியுமே தவிர, மடிப்புக்குள் போகாது.

நெருக்க வேண்டும் என்றால், துணியின் இடது ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள துணியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டுத்தொகை எவ்வளவோ, டிசைன் ஃபைலில் அந்த இடத்திலிருந்து நிறத்தை எடுக்க வேண்டும்.

4. மாதிரித் துணியில் மையின் கனத்தை அளப்பது

மெல்லிய துணியில் மை நூலில்தான் ஒட்டுகிறது. நூல்களுக்கு இடையிலுள்ள ஓட்டையில் மை இல்லை. அந்த ஓட்டை வழியே வெள்ளை வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும். அதனால் கருப்பு மை என்று ஃபைலில் இருந்தாலும், பகல் ஜன்னலில் அது சாம்பல் நிறமாகத்தான் தெரியும். புதிதாகச் செய்பவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான். டிசைன் அட்டைக் கருப்பாக விழுந்து, துணியின் மென்மையே போய்விடுகிறது.

அளப்பது எளிது. இரண்டாவது ஷாட் எடுக்கும்போதே திரைச்சீலைக்குப் பக்கத்தில் மாதிரித் துணியை ஒற்றை அடுக்காக, சுருக்கமில்லாமல் அதே விரிப்புக்கு முன்னால் தொங்கவிடுங்கள். கிம்ப்பில் Color Pickerஐ எடுத்து, Sample average போட்டு மூன்று இடங்களைப் படியுங்கள். என் உதாரணத்தில் விரிப்பு 235, அச்சில்லாத துணி 186, கருப்பு மை உள்ள இடம் 155.

இந்த எண்களை நேராக வகுக்கக்கூடாது. கேமரா எண்கள் வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் இல்லாததால், வகுத்த பிறகு 2.2 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 186 ÷ 235 = 0.79, உயர்த்தினால் 0.6. இது துணி விடும் வெளிச்சம். 155 ÷ 186 = 0.83, உயர்த்தினால் 0.67. அதாவது, ஒற்றை அடுக்கில் முழுக் கருப்பு மைகூட வெளிச்சத்தை மூன்றில் இரண்டு பங்காகத்தான் குறைக்கிறது. சரிவில் மூன்று மடங்கு துணி இருக்கும் இடத்தில் 0.67 × 0.67 × 0.67 = 0.3. அங்கே அதே மை நன்றாகக் கறுத்திருக்கும். மேட்டில் வெளிறி, சரிவில் அடர்ந்து தெரியும் இந்த மாற்றம் வந்தால்தான் பிரிண்ட் துணிக்குள் இறங்கியதுபோல் இருக்கும்.

5. ஃபைல்களைத் தயார் செய்வது

மூன்று ஷாட்டையும் ஒரே அளவில், ஒரே இடத்தில் வெட்ட வேண்டும். டிரைபாட் அசையாததால், கிம்ப்பில் மூன்றையும் அடுக்கடுக்காகத் திறந்து, ஒருமுறை மட்டும் Crop செய்தால் போதும். கேமரா கொஞ்சம் சாய்ந்திருந்தால் வெட்டுவதற்கு முன் Perspective கருவியால் நேராக்குங்கள். மூன்றுக்கும் ஒரே திருத்தம்தான் போக வேண்டும்.

அங்குலத்துக்கு 40 பிக்சல் என்று வைத்தால், 48 × 84 அங்குலத் திரைச்சீலை 1920 × 3360 பிக்சல் ஆகும். 12 மெகாபிக்சல் போன் படத்துக்குள் இது அடங்கும்.

டிசைன் ஃபைலை விரித்த துணியின் அளவில் செய்ய வேண்டும், தொங்கும் அளவில் இல்லை. 96 × 84 அங்குலம், ஆக 3840 × 3360 பிக்சல். ரிப்பீட் 12 அங்குலம் என்றால் ஒரு ரிப்பீட் 480 பிக்சல். அகலத்தில் எட்டு முறை வரும். மூட்டு இருந்தால் அதையும் இப்போதே, 48ஆவது அங்குலத்தில் வரையுங்கள். பிறகு `Filters > Blur > Gaussian Blur` 1 பிக்சல் போடுங்கள். சரிவில் நெருக்கும்போது மெல்லிய கோடுகள் பல் பல்லாக உடையாமல் இருக்க இது உதவும்.

ரிப்பீட்டைப் பற்றி வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. நம் திரைச்சீலையில் 12 மடிப்பு, ஒவ்வொன்றிலும் 8 அங்குலத் துணி. ரிப்பீட்டும் 8 அங்குலமாக இருந்தால் எல்லா மடிப்பின் மேட்டிலும் அதே பூ வந்து நிற்கும். பூப்போட்ட துணி பட்டை போட்ட துணியாகத் தெரியும். 12 அங்குல ரிப்பீட்டில் இந்தச் சிக்கல் இல்லை. துணி வாங்குவதற்கு முன் இதைப் படத்தில் காட்டிவிட்டால், அதற்காகவே உங்களுக்குப் பணம் கொடுப்பார்கள்.

6. கணக்கைப் போடுவது

பைதானும் அதற்கான `opencv-python`, `numpy` தொகுப்புகளும் இலவசம். கீழே உள்ளதை அப்படியே வைத்து இயக்கலாம். `photo.png` முதல் ஷாட், `curtain.png` விரிப்போடு திரைச்சீலை, `bare.png` விரிப்பு மட்டும், `print.png` விரித்த டிசைன்.

```python
import cv2, numpy as np

def load(f):
    return (cv2.imread(f).astype(np.float32) / 255) ** 2.2

photo, design = load("photo.png"), load("print.png")
T = load("curtain.png") / np.maximum(load("bare.png"), 0.02)
T = cv2.GaussianBlur(T.mean(axis=2), (0, 0), sigmaX=4, sigmaY=40)
k = -np.log(np.clip(T, 0.03, 0.97))

h, w = k.shape
u = np.cumsum(k, axis=1)
u = u / u[:, -1:] * (design.shape[1] - 1)
v = np.linspace(0, design.shape[0] - 1, h)[:, None].repeat(w, 1)
p = cv2.remap(design, u.astype(np.float32),
              v.astype(np.float32), cv2.INTER_LINEAR)

n = k / np.percentile(k, 10)
print(n.mean())
p = (0.67 + 0.33 * p) ** n[:, :, None]
out = np.clip(photo * p, 0, 1) ** (1 / 2.2)
cv2.imwrite("out.png", (out * 255).astype(np.uint8))
```

`k` என்பது ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு துணி என்பது. `cumsum` வரி அதை இடமிருந்து வலமாகக் கூட்டுகிறது. `n` என்பது ஒற்றை அடுக்கைப் போல எத்தனை மடங்கு என்பது. 0.67 நீங்கள் மாதிரித் துணியில் அளந்த எண். உங்களுடையதை அங்கே போடுங்கள், பக்கத்திலுள்ள 0.33ஐயும் அதற்கேற்ப மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்து 1 வர வேண்டும்.

பைதான் பக்கமே போக மாட்டேன் என்பவர்கள் கிம்ப்பிலேயே கையால் செய்யலாம். டிசைனை அகலத்தில் பாதியாகச் சுருக்கிப் படத்தின் மேல் Multiply லேயராக வையுங்கள். Warp Transform கருவியில் Shrink areaவை இருண்ட சரிவுகளிலும், Grow areaவை மேடுகளிலும் ஓட்டுங்கள். ஒரு படத்துக்கு இது போதும். ஐந்து டிசைன் என்றால் ஐந்து முறையும் அதே தூரிகை வேலை, ஐந்தும் ஒன்றுபோல் வராது.

7. சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது

`print(n.mean())` ஓர் எண்ணைக் காட்டும். 96 அங்குலத் துணி 48 அங்குலத்தில் தொங்கினால் அது 2க்குப் பக்கத்தில் வர வேண்டும். 1.8, 2.2 என்றால் கவலை இல்லை. 1.3 என்று வந்தால் இருண்ட இடங்கள் எங்கோ வெளுத்துவிட்டன: எச்டிஆர் அணையவில்லை, அறைக்குள் விளக்கு எரிந்திருக்கிறது, அல்லது லென்ஸில் கைரேகை படிந்து வெளிச்சம் பரவியிருக்கிறது. 3க்கு மேல் போனால் பெரும்பாலும் விரிப்பு மட்டும் உள்ள படம் எடுக்கும்போது வெளிச்சம் குறைந்திருக்கிறது. இரண்டிலுமே பைதான் கோடில் எண்ணை மாற்றிச் சமாளிக்காதீர்கள். படத்தைத் திரும்ப எடுப்பதுதான் வழி.

அடுத்து, உண்மையான டிசைனுக்கு முன்னால் ஒரு கட்டம் போட்ட ஃபைலை `print.png` என்ற பெயரில் வைத்து ஓட்டுங்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு, குறுக்கும் நெடுக்கும். மேட்டில் கட்டங்கள் சதுரமாகவும், சரிவில் ஒல்லியாகவும் இருக்க வேண்டும். செங்குத்துக் கோடு மேலிருந்து கீழே வரை ஒரே மடிப்பின் ஒரே இடத்தோடு இறங்க வேண்டும். நடுவில் பக்கவாட்டில் அலைந்தால் `sigmaY` எண்ணை 80 வரை ஏற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் வெடுக்கென்று தாண்டினால் அங்கே விரிப்பில் சுருக்கமோ, ஜன்னல் கம்பியின் நிழலோ விழுந்திருக்கிறது.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. மடிப்பு ஒன்றின் மேல் ஒன்று மடங்கி விழுந்திருந்தால், துணியின் மொத்தக் கணக்கு சரியாகவே வரும். ஆனால் பின்னடுக்கின் பூ முன்னடுக்கின் வழியே மங்கலாகத் தெரிவதை இது காட்டாது. அலை அலையாகத் தொங்கும் திரைச்சீலைக்கு அந்தக் குறை கண்ணில் படாது. ஒதுக்கிக் கட்டிய திரைச்சீலைக்குப் படும். அதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

இரவில் அறை விளக்கில் எப்படி இருக்கும் என்று கேட்டால், இந்தப் படத்தை இருட்டாக்கிக் கொடுக்காதீர்கள். இரவில் வெளிச்சம் முன்பக்கம் பட்டுத் திரும்புகிறது. அப்போது நிறம் ஃபைலில் இருப்பதற்கு நெருக்கமாகத் தெரியும், ஊடு தெரிவது போய்விடும். இரண்டாவது ஷாட்டுக்கு முன்பே, மடிப்பு நகராமல் விளக்கைப் போட்டு இன்னொரு ஷாட் எடுத்து வைத்திருந்தால், மேலே கணக்கிட்ட `u`, `v` இரண்டையும் அப்படியே வைத்து, `photo.png` இடத்தில் அதைப் போட்டு, 0.67 வரியை நீக்கிவிட்டு `out` வரியில் நேராகப் பெருக்கினால் வேலை முடிந்தது.

8. சேலை என்றால் என்ன மாறும்

சேலையில் பெரும்பாலும் பின்னொளி கிடையாது; முந்தானையில் மட்டும்தான் வெளிச்சம் ஊடு வரும். அதனால் இருட்டை வைத்துத் துணியை எண்ண முடியாது. பகுதி பகுதியாகப் பிரித்துக் கையால்தான் செய்ய வேண்டும்: கொசுவம், இடுப்பைச் சுற்றிய பகுதி, மார்பின் குறுக்கே போவது, தொங்கும் முந்தானை. நாலுக்கும் தனித்தனி லேயர்.

கடினம் கொசுவம்தான். ஐந்து அங்குலக் கொசுவம் ஒவ்வொன்றும் போக ஐந்து, வர ஐந்து என்று பத்து அங்குலத் துணியை விழுங்குகிறது. முன்னாலிருந்து பார்த்தால் முதல் கொசுவம் முழுதாகவும், மற்றவற்றில் ஓர் ஓரமும் மட்டும் தெரியும். ஆகவே டிசைன் ஃபைலில் 0, 10, 20, 30ஆவது அங்குலங்களில் தொடங்கி, தெரிகிற அகலத்துக்கு மட்டும் ஒவ்வொரு கீற்றை வெட்டி எடுத்து, ஒவ்வொரு கொசுவத்தின் சாய்வுக்கும் திருப்பி வையுங்கள். பக்கத்துக் கீற்றோடு பூ சேரவே கூடாது. எடிட் செய்பவர் கை தானாகவே சேர்த்து வைக்கப் பார்க்கும். சேர்ந்திருந்தால் அது தட்டைத் துணியில் கோடு கிழித்த மாதிரி ஆகிவிடும். கீழ்க் கரையும் அப்படித்தான், ஒவ்வொரு கொசுவத்திலும் கொஞ்சம் ஏறி இறங்கி உடைந்து வரும்.

ஜார்ஜெட், ஷிஃபான் மாதிரி மெல்லிய ரகத்தில் உள்பாவாடையின் நிறம் பிரிண்டையே மாற்றிவிடும். வெள்ளைச் சேலை, வெள்ளை உள்பாவாடை என்று எடுத்த படத்தில் கருநீல டிசைனைப் போட்டால் அது வெளிறித்தான் நிற்கும். கடையில் அந்தச் சேலையைக் கருநீல உள்பாவாடையோடு கட்டிக் காட்டுவார்கள். டிசைன் நிறத்துக்கேற்ற உள்பாவாடையோடு வெள்ளைச் சேலையை முதலிலேயே எடுத்து வைப்பது நல்லது. முந்தானையில் ஒற்றை அடுக்காகத் தொங்கும் இடத்துக்கும், தோளில் மடித்துப் பின் குத்திய இடத்துக்கும் வேறு வேறு Opacity வையுங்கள். நாலாம் படியில் அளந்த அடுக்குக் கணக்கே இங்கும் பொருந்தும்.

இளம்பிள்ளைப் பக்கம் நெய்து வரும் ஜாக்கார்டு சேலைகளுக்கு மையின் கனம் பற்றிய கணக்கு பொருந்தாது. அங்கே டிசைனே நூல். டிசைன் உள்ள இடத்தில் துணி தடித்திருக்கும், மடிப்பு விழும் விதமே மாறும். வெற்றுச் சேலைப் படத்தில் அதைப் போட்டுக் காட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

9. செலவும் நேரமும்

மென்பொருளுக்குச் செலவில்லை. வெள்ளை விரிப்பு வீட்டில் இருப்பதே போதும், நீலம் போடாததாக இருக்கட்டும். டிரைபாட் இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். உண்மையான செலவு ஏற்காடு போய் வரும் நாளும், விரிப்பு கட்டக் கூட வரும் ஆளும்தான். இதை டிசைன் எண்ணிக்கையோடு கலக்காமல், படம் எடுப்பதற்கு ஒரு தொகை, ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு தொகை என்று தனியாகப் பேசுங்கள். முதல் டிசைனுக்குத்தான் நாள் ஆகும். `u`, `v` கிடைத்த பிறகு ஒவ்வொரு புது டிசைனும், ரிப்பீட்டை அளவுக்குக் கொண்டுவருவது உட்பட, அரை மணி நேர வேலை. "ஒண்ணுக்கு இவ்ளோன்னா அஞ்சுக்கு அஞ்சு மடங்கா?" என்ற பேரத்துக்கு இந்தப் பிரிவே பதில்.

நேரம் போவது திருத்தங்களில்தான். பூவைப் பெரிதாக்குங்கள் என்று கேட்டால், பெரிதாக்கித் தருவதற்கு முன் அச்சகம் அந்த அளவில் அடித்துத் தருமா என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். படத்தோடு மூன்று விஷயங்களை எழுதி அனுப்புங்கள்: ரிப்பீட் எத்தனை அங்குலம், துணி கம்பியைப் போல எத்தனை மடங்கு, பகல் வெளிச்சமா இரவு விளக்கா. பில்லில் "மாதிரிப் படம்" என்று குறிப்பிடுங்கள். மூன்று ஷாட்டின் மூலப் படங்களையும் ஆர்டர் தைத்து மாட்டி முடிகிற வரை அழிக்காமல் வைத்திருங்கள்.